பதினெட்டு பேருக்கு ஒரு ஜெர்சி

டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிகள் நெருங்கும்போது ஊர் அணிகள் ஜெர்சி அடிக்கக் கிளம்பிவிடும். நிறம், காலர், நெஞ்சில் ஸ்பான்சர் பெயர் எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்றெல்லாம் நாள்கணக்கில் சண்டை நடக்கும். அளவு விஷயம் வரும்போது மட்டும் கேப்டன் வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் சைஸ் போடுங்கப்பா" என்று தட்டிவிடுவார். கீழே எம், எல், எக்ஸ்எல் என்று வரிசையாக வந்து விழும். அதை எண்ணிப் பார்த்து 'எம் நாலு, எல் எட்டு, எக்ஸ்எல் ஆறு' என்று யூனிட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சட்டை வந்து இறங்கும் நாளில் எழும் புலம்பலுக்குத் தையல்காரரைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் தவறு அந்தக் குழுவில் கேட்கப்பட்ட கேள்வியில்தான் இருக்கிறது. கேட்க வேண்டியது ஆளின் சைஸை அல்ல. அவரிடம் ஏற்கெனவே சரியாகப் பொருந்தும் ஒரு டி-சர்ட்டைத் தரையில் விரித்து, அதன் அகலத்தையும் நீளத்தையும் இன்ச்சில் அளந்து அனுப்பச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு எண்கள் செய்கிற வேலையை அந்த எழுத்துகளால் செய்ய முடியாது.

ஓர் அணியைக் கற்பனை செய்துகொள்வோம். யூனிட் கொடுத்த அளவுப் பட்டியலில் சட்டையை விரித்து வைத்த அகலமும் நீளமும் இப்படி இருக்கின்றன: எம் 19-க்கு 27, எல் 20-க்கு 28, எக்ஸ்எல் 21-க்கு 29, டபுள் எக்ஸ்எல் 22-க்கு 30. அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஆறடி உயரம், ஒல்லி. அவருக்குப் பிடித்த டி-சர்ட்டை விரித்தால் அகலம் 19, நீளம் 30. விக்கெட் கீப்பர் ஐந்தடி நாலங்குலம், தொப்பை உண்டு. அவர் சட்டை அகலம் 22, நீளம் 27. சைஸ் கேட்டால் இருவருமே 'எக்ஸ்எல்' என்றுதான் எழுதுவார்கள். முன்னவர் எம் வாங்கி இடுப்புக்கு மேலே ஏறிய அனுபவத்தில், பின்னவர் டபுள் எக்ஸ்எல் என்று சொல்லக் கூச்சப்பட்டு. எக்ஸ்எல் வந்தால் பந்துவீச்சாளருக்குச் சுற்றில் நான்கு இன்ச் தொளதொளக்கும், அப்படியும் நீளம் ஒரு இன்ச் குறையும். கீப்பருக்கோ சுற்றில் இரண்டு இன்ச் குறைந்து வயிற்றில் பிடிக்கும், நீளமோ இரண்டு இன்ச் அதிகமாகத் தொங்கும். ஒரே எழுத்து இரண்டு பேரையும் எதிரெதிர்த் திசையில் கெடுத்துவிட்டது. பட்டியலில் ஒரு சைஸ் ஏறினால் அகலத்தோடு நீளமும் தோளும் கையும் சேர்ந்தே ஏறும் என்பதுதான் இதற்குக் காரணம். மனித உடம்பு அப்படிச் சேர்ந்து வளர்வதில்லை. போதாததற்கு எல்லா யூனிட்டுக்கும் ஒரே பட்டியலும் கிடையாது. ஓரிடத்தில் 40 சுற்றுள்ள எல், இன்னோரிடத்தில் 42 ஆக இருக்கும்.

கடையில் வாங்கிய சட்டையானால் மாற்றிக்கொள்ளலாம். அணி ஜெர்சியில் அது நடக்காது. இன்று பெரும்பாலான ஜெர்சிகள் சப்ளிமேஷன் முறையில் தயாராகின்றன. டிசைனைத் தாளில் அச்சிட்டு, வெள்ளைப் பாலியஸ்டர் துணியின் மேல் வைத்து, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அழுத்துவார்கள். மை ஆவியாகி நூலுக்குள் போய்விடும். முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனித் துண்டுகளில் அச்சு ஏறிய பிறகுதான் தையல். முதுகுத் துண்டில் பெயரும் எண்ணும் அப்போதே வந்துவிடுவதால் அந்தச் சட்டையை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, யூனிட்டும் திரும்ப வாங்காது. "நிட் துணிதானே, இழுத்துக்கொடுக்கும்" என்று சமாதானம் சொல்வார்கள். இழுத்துக்கொடுக்கும்தான். ஆனால் மை துணியின் மேற்பரப்பில்தான் ஆழமாக ஏறியிருக்கும். இறுக்கமான இடத்தில் கண்ணி விரியும்போது உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். கருநீல ஜெர்சி வயிற்றின் மேல் மட்டும் வெளிறிக் கிடந்தால் அது சலவைக் கோளாறு அல்ல, அளவுக் கோளாறு.

அப்படியானால் டேப் வைத்து உடம்பையே அளந்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. நல்ல தையல்காரர் கையில் டேப் இருந்தால் அளக்கலாம். பதினெட்டு பேர் பதினெட்டு வீட்டில் தாங்களே அளக்கும்போது ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிப்பார், ஒருவர் டேப்பை முதுகில் சரியவிடுவார், இன்னொருவர் சட்டைமேலேயே சுற்றுவார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மார்புச் சுற்று 38 என்று ஒருவர் சரியாகவே அளந்து அனுப்பினாலும் சட்டைச் சுற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று அதிலிருந்து தெரியாது. உடம்புக்கும் சட்டைக்கும் நடுவே விடும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் இரண்டு இன்ச் விட்டால் போதும் என்பார், இன்னொருவருக்கு ஐந்து இன்ச் இல்லாவிட்டால் மூச்சு முட்டும். அவர் விரும்பி அணியும் டி-சர்ட்டில் அந்த இடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. தவிர, வயிற்றை அளந்து குழுவில் போடச் சொன்னால் பலர் பொய் சொல்வார்கள். சட்டையை அளப்பதில் யாருக்கும் வெட்கமில்லை.

அளக்கும் முறையில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். எடுக்க வேண்டியது பாலியஸ்டர் ஜெர்சியோ சாதாரண அரைக்கை டி-சர்ட்டோதான். பட்டன் சட்டை கூடாது. இளைஞர்கள் இப்போது விரும்பிப் போடும், தோள் இறங்கிய பெரிய டி-சர்ட்டும் கூடாது. மைதானத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஓட மாட்டார்கள். லைக்ரா கலந்து உடம்போடு ஒட்டும் டி-சர்ட் என்றால் விரித்த அகலத்தில் அரை இன்ச் கூட்டிக்கொள்ள வேண்டும், ஜெர்சித் துணி அந்த அளவுக்கு இழுபடாது. சட்டையைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, ஒரு அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே தொடங்கி மறு அக்குளுக்குக் கீழே வரை நேராக அளந்தால் அகலம். கழுத்தை ஒட்டிய தோள்முனையிலிருந்து கீழ் மடிப்பு வரை அளந்தால் நீளம். இந்தத் தொடக்கப் புள்ளியைச் சொல்லாவிட்டால் பாதிப்பேர் பின்கழுத்துக்குக் கீழிருந்து அளப்பார்கள், நீளம் குறைந்துவிடும். தொப்பை இருப்பவர்களிடம் வயிறு வரும் இடத்து அகலத்தையும் கேட்டு, இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும். பெண்கள் அணியில் கீழ் மடிப்பின் அகலத்தையும் கேட்பது நல்லது. இடுப்பெலும்பில் இறுகும் ஜெர்சி ஓடும்போது மேலே சுருண்டுகொள்ளும்.

வரும் எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது, ஆனால் தவறுகள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கும். அகலம் 40 என்று வந்தால் அவர் இரட்டித்துச் சுற்றளவாகச் சொல்லியிருக்கிறார், பாதியாக்க வேண்டும். அகலம் 51, நீளம் 71 என்று வந்தால் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அது 20-க்கு 28, அதாவது சுத்தமான எல். இரட்டித்த எண்ணையும் சென்டிமீட்டரையும் பிரித்தறிய நீளம்தான் சாட்சி. எந்த ஜெர்சியும் 71 இன்ச் நீளம் இருக்காது. கண்ணுக்குச் சிக்காத தவறு ஒன்றுதான்: சட்டையை அளக்காமல் உடம்பை அளந்து பாதியாக்கி அனுப்புவது. 18-க்கு 28 என்று வரும் எண் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். அதற்குத்தான் டேப் சட்டைமேல் கிடக்கும் படம் ஒன்று கேட்க வேண்டும். படம் கேட்டாலே பாதி அலட்சியம் போய்விடும்.

சைஸ் செட் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் சிறந்தது என்பார்கள். எல்லா சைஸிலும் ஒவ்வொரு மாதிரிச் சட்டையை யூனிட் அனுப்ப, ஆட்டக்காரர்கள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அணி முழுவதும் தினமும் ஒரே மைதானத்தில் பயிற்சி எடுத்தால் மறுக்க மாட்டேன், அது நல்ல வழிதான். ஆனால் பாதிப்பேர் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் அணிக்கு அது ஒத்துவராது. வந்த மாதிரிச் சட்டை இந்த ஆர்டருக்கான அதே துணியிலும் அதே பேட்டர்னிலும் தைத்ததா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். முக்கியமாக, நம் பந்துவீச்சாளருக்கும் கீப்பருக்கும் அந்தச் செட்டில் எந்தச் சட்டையும் பொருந்தாது. பொருந்தவில்லை என்பது தெரியுமே தவிர, எவ்வளவு என்பது தெரியாது.

இருவருக்காக யூனிட் தனி பேட்டர்ன் போடுமா என்பது அடுத்த ஐயம். நூற்றுக்கணக்கில் ஒரே சட்டையை அடுக்கி வெட்டும் வேலையில் கேட்டால் துரத்திவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு முதுகுத் துண்டும் பெயராலும் எண்ணாலும் எப்படியும் தனித்தனிதான். எம் அகலத்தில் மூன்று இன்ச் நீளம் கூட்டு என்றால் டிசைனர் படத்தை நீட்ட வேண்டும், தாளும் துணியும் கொஞ்சம் கூடும். சிலர் கூடுதலாகக் காசு கேட்பார்கள், சிலர் முடியாது என்பார்கள். முடியாது என்றால் தையலில் குறைக்கலாம், கூட்ட முடியாது என்ற கணக்கில் தேர்வு செய்ய வேண்டும். கீப்பருக்கு டபுள் எக்ஸ்எல் எடுத்து, கீழே மூன்று இன்ச்சை உள்ளூர்த் தையல்கடையில் வெட்டி மடிக்கலாம். பந்துவீச்சாளருக்கு நீளத்துக்காக டபுள் எக்ஸ்எல் எடுத்தால் இரு பக்கத் தையலிலும் சேர்த்து அகலத்தில் மூன்று இன்ச் பிடிக்க வேண்டும். பக்கவாட்டுக் கோடுகள் கோணும், தோளும் கைக்குழியும் தொங்கியபடியே இருக்கும். ஆகவே யூனிட்டிடம் ஒரே ஒரு சலுகைதான் கேட்க முடியும் என்றால், அதை நெட்டையான ஒல்லி ஆளுக்காகக் கேளுங்கள்.

தைப்பதில் அகலத்தில் அரை இன்ச் முன்பின் ஆவதை எந்த யூனிட்டும் தவறாகக் கருதாது. அதனால் 19.5 என்று நடுவில் நிற்பவரை மேல் சைஸில் போடுவதே சரி. எல்லாருக்கும் ஒரு சைஸ் கூட்டிப் போட்டுவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். சட்டையை பேன்ட்டுக்குள் சொருகும்போது நீளம் கூடிய முதுகில் எண்ணின் கீழ்ப்பாதி உள்ளே போய்விடும், ஸ்கோர் எழுதுபவர் 8-ஐயும் 9-ஐயும் பிரிக்கத் திண்டாடுவார். முடிவான பட்டியலைப் பெயர், எழுத்துக்கூட்டல், எண், அகலம், நீளம் என்று ஒரே தாளில் போட்டு, ஒவ்வொருவரும் தன் வரியைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு அனுப்பலாம். கூடவே பெயரில்லாமல், யாரும் எடுக்காத எண்களோடு எல் ஒன்றும் டபுள் எக்ஸ்எல் ஒன்றும் சேர்த்து அடித்துவிடுங்கள். டிசைன் ஏற்கெனவே தயாராக இருக்கும்போது அந்த இரண்டுக்கும் ஆகும் செலவு குறைவு. சீசன் நடுவில் புதிதாகச் சேரும் ஒருவருக்காக ஒற்றைச் சட்டை அடித்துத் தர எந்த யூனிட்டும் லேசில் சம்மதிக்காது.