நீளமானதா, தனியானதா?

எங்கள் குடியிருப்பில் மாதம் ஒருமுறை நான்கு பக்கத்தில் ஒரு செய்தி மடல் வருகிறது. கடைசிப் பக்கம் என் பொறுப்பு. குறுக்கெழுத்துப் போடச் சொன்னார்கள். துப்பு எழுதித் துப்பு எழுதி அலுத்துப்போய், சொல் நிரப்பும் கட்டத்துக்கு மாறிவிட்டேன். இதில் துப்பே கிடையாது. சொற்களையெல்லாம் பட்டியலாகக் கொடுத்துவிடுவோம். பக்கத்தில் வெற்றுக் கட்டம். ஒவ்வொரு சொல்லையும் அதன் இடத்தில், ஒன்றோடொன்று வெட்டும் இடத்தில் எழுத்து ஒத்துப்போகும்படி பொருத்த வேண்டும். அவ்வளவுதான்.

இந்தப் புதிர் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு யோசனை சொல்வார்கள்: "நீளமான சொல்லில் ஆரம்பியுங்கள்." நானும் பல மாதம் அதையே அச்சடித்து வந்தேன். இப்போது அது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். பார்க்க வேண்டியது நீளத்தை அல்ல. அந்த நீளத்தில் வேறு சொல் இருக்கிறதா என்பதைத்தான்.

சென்ற மாதத்துப் புதிரையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்கள் 21. முதலில் எழுத்தை எண்ண வேண்டும். தமிழில் இது சுலபம்: உயிர்மெய் ஒரு கட்டம், புள்ளி வைத்த எழுத்தும் ஒரு கட்டம். திருச்சிராப்பள்ளி ஒன்பது. அந்த நீளத்தில் வேறு ஊர் இல்லை. ஒன்பது கட்டம் உள்ள வரிசையும் ஒன்றுதான். யோசிக்காமல் எழுதிவிடலாம்.

அடுத்த நீளம் ஏழு. அதில் ராமநாதபுரம், கன்னியாகுமரி, திருவண்ணாமலை என்று மூன்று. நீளமானதில் ஆரம்பி என்பதை அப்படியே பிடித்துக்கொண்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். மூன்றையும் மாற்றி மாற்றி எழுதி அழித்துத் தாளைக் கிழித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலின் கீழே கடலூர் உட்கார்ந்திருக்கிறது. நாலே எழுத்து. ஆனாலும் நாலெழுத்தில் அது ஒன்றுதான். ஒன்பதுக்கு அடுத்து எழுத வேண்டியது ஏழு அல்ல, இந்த நாலு.

எழுதிவிட்டுப் பாருங்கள். திருச்சிராப்பள்ளியின் ஐந்தாம் கட்டமான 'ரா'விலிருந்து ஏழு கட்டம் கீழே இறங்குகிறது. ரா என்று தொடங்கும் ஏழெழுத்து ஊர் ராமநாதபுரம் மட்டுமே. கடலூரின் 'க'விலிருந்து இன்னொரு ஏழு கட்டம் இறங்குகிறது. அது கன்னியாகுமரி. மிச்சம் திருவண்ணாமலை. அதன் ஆறாம் எழுத்து 'ம', கன்னியாகுமரியின் ஆறாம் எழுத்தும் 'ம'. அங்கேதான் இரண்டும் வெட்டுகின்றன. மூன்று பெரிய ஊரும் ஒரு சின்ன ஊரின் தயவில் உட்கார்ந்துவிட்டன.

ஆறெழுத்து ஊர்கள் ஐந்து. இங்கே நீளம் உதவாது, எழுத்து நிற்கும் இடம்தான் உதவும். திருச்சிராப்பள்ளியின் ஏழாம் எழுத்து 'ப'. அதை வெட்டிக்கொண்டு ஓர் ஆறு கட்டம் மேலிருந்து கீழாக வருகிறது, அதில் இந்த 'ப' நான்காவது கட்டம். கும்பகோணத்திலும் 'ப' உண்டு, ஆனால் மூன்றாவது எழுத்து. பெரம்பலூரில்தான் நான்காவது. அவசரக்காரர்கள் 'ப'வைப் பார்த்ததும் கும்பகோணத்தை எழுதிவிட்டுப் பிறகு கட்டம் ஒன்று கீழே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து விழிப்பார்கள்.

தமிழ்க் கட்டத்தில் இன்னொரு காவலும் உண்டு. புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஒரு ஊரை எழுதி முடித்ததும், வேறொரு சொல் தொடங்க வேண்டிய கட்டத்தில் க், ண் என்று வந்து நின்றால், பட்டியலைப் பார்க்கவே வேண்டாம், எழுதியது தப்பு.

எண்ணுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டியலை நீளவாரியாகக் கணினியில் அடுக்கித் தருகிறேன் என்று பேரன் வந்தான். அது மதுரையை ஐந்து என்றது, சேலத்தையும் ஐந்து என்றது, வேலூரை ஆறு என்றது! கணினிக்குள் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாம். 'ம' என்றால் ஒன்று, 'து' என்றால் இரண்டு. மூன்றெழுத்து ஊர்களைக்கூட ஒன்றாகச் சேர்க்கத் தெரியாத எண்ணிக்கை நமக்கு எதற்கு? விரலை விட்டே எண்ணிவிட்டேன்.

எண்ணிக்கை சரிதான். புதிரில்தான் தப்பு. அது என் தப்பு.

மடல் வந்த மூன்றாம் நாள் மேல் மாடி டீச்சர் விடையோடு வந்தார். மறுநாள் நடைப்பயிற்சியில் பார்க்கும் நண்பர் ஒருவரும் கொண்டுவந்தார். இரண்டும் வேறு வேறு. யார் தப்பு என்று பார்க்க உட்கார்ந்தால், இரண்டும் சரி!

நடந்தது இதுதான். திருச்சிராப்பள்ளியின் முதல் 'தி'யிலிருந்து ஆறு கட்டம் இறங்குகிறது. கீழே திருவண்ணாமலையின் 'தி'யிலிருந்தும் ஆறு கட்டம் இறங்குகிறது. பட்டியலில் தி என்று தொடங்கும் ஆறெழுத்து ஊர்கள் திண்டுக்கல், திருநெல்வேலி. இரண்டு இடத்திலும் ஐந்தாம் கட்டத்திலிருந்து மூன்றெழுத்து ஊர் ஒன்று வலப்பக்கம் போகிறது. திண்டுக்கல்லின் ஐந்தாம் எழுத்து 'க', அதிலிருந்து கரூர். திருநெல்வேலியின் ஐந்தாம் எழுத்து 'வே', அதிலிருந்து வேலூர். ஜோடியாகத் தூக்கி மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் வைத்தால் ஒரு எழுத்துகூட இடிக்காது. நான் ஒரு விடையை மனதில் வைத்துக்கொண்டு கட்டம் வரைந்ததால் மற்றது என் கண்ணில் படவே இல்லை.

"ரெண்டும் சரின்னு போட்டுட்டா போச்சு சார்" என்றார் நண்பர். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் முக்கால் மணி நேரம் எது சரின்னு யோசிச்சேன். யோசிச்சுக் கண்டுபிடிக்க அங்க ஒண்ணுமே இல்லன்னா, அது புதிர் இல்ல சார், பூவா தலையா."

நான் டீச்சர் கட்சி. துப்பு இல்லாத புதிரில் போடுகிறவர் தருகிற ஒரே உறுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இடம்தான் என்பது. அதுவும் இல்லையென்றால் ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம். இரண்டும் சரி என்று அச்சடிப்பது என் சோம்பலுக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொள்வது மாதிரி. சிலர் இந்த இடத்தில் கட்டத்துக்குள் ஓர் எழுத்தை முன்கூட்டியே அச்சடித்துவிடுவார்கள். அதுவும் எனக்குப் பிடிக்காது. சொற்களாலேயே அடைக்க முடிகிற ஓட்டைக்கு ஒட்டுத்துணி எதற்கு?

ஒரு ஊரைச் சேர்த்தேன், தீர்ந்தது. மேலே உள்ள ஆறு கட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் வந்து முடிகிற மாதிரி இடப்பக்கத்தில் ஈரோடு. திண்டுக்கல்லின் மூன்றாம் எழுத்து 'டு', பொருந்துகிறது. திருநெல்வேலியின் மூன்றாம் எழுத்து 'நெ'. அதில் முடிகிற ஊர் பட்டியலில் இல்லை. ஆக மேலே திண்டுக்கல், கூடவே கரூர். கீழே திருநெல்வேலியும் வேலூரும். வேறு வழியில்லை.

திருத்திய கட்டம், 22 ஊர்களோடு, இந்த மாத மடலில் வருகிறது. இப்போதெல்லாம் கட்டம் வரைந்ததும் ஒரே நீளத்தில், ஒரே எழுத்தில் தொடங்கும் ஜோடிகளைத் தனியே எழுதி, மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். 'நீளமானதில் ஆரம்பியுங்கள்' என்ற வரியையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'முதலில் எண்ணுங்கள்' என்று இருக்கும். திருத்திய பிரதியை முன்கூட்டியே டீச்சரிடம் காட்டினேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் இருபது நிமிடத்தில் கதவைத் தட்டினார். "கும்பகோணத்துக்கு மெய்யாவே ஒரே இடம்தானா சார்?" என்றார். இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.