தனி டிஸ்க்கில் இருந்தால் அது பேக்கப் ஆகிவிடாது

அண்ணே,

உங்கள் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுக்க முடிந்ததையெல்லாம் புது டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். பில்லோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். டிஸ்க்கைக் கொடுத்தபோது நீங்கள் சொன்னதைத்தான் ராயபுரம் ஷிப்பிங் ஆபீஸ்காரர்கள் முதல் எண்ணூர் பட்டறைக்காரர்கள் வரை எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் கணக்கும் டிராயிங்கும் போகின்றன. அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

“கம்ப்யூட்டரில் இடம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு மாற்றி பேக்கப் எடுத்துவிட்டேன்” என்றீர்கள். மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டீர்கள். அப்போது இருந்தது ஒரே பிரதி. அது கம்ப்யூட்டரில் இருந்து டிஸ்க்குக்குப் போனது, அவ்வளவுதான். ஒன்று போனாலும் இன்னொன்று கையில் இருந்தால்தான் பேக்கப்.

“கீழே விழவே இல்லை, ஒன்றரை வருஷம்தான் ஆச்சு, எப்படிப் போகும்?” என்பது அடுத்தது. விழாமலும் போகும். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டி வருஷாவருஷம் கணக்கு வெளியிடுகிறது. 2023இல் அவர்களிடம் பழுதானவை 1.4 சதவீதம். குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில், அசையாமல் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு அது. உங்களுடையது திருவொற்றியூர் பட்டறையில், கிரைண்டர் ஓடுகிற மேஜையிலேயே இருந்தது. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். ஓடும்போது வரும் அதிர்வும், காப்பி நடுவில் போகும் கரண்டும் அதற்கு ஆகாது. போர்டைக் கழற்றிப் பார்த்தேன். ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் இணைப்பு தரும் தகடுகள் கறுத்துக் களிம்பு பிடித்திருந்தன. கடற்கரை ஓரம் வரும் டிஸ்க்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆல்கஹால் போட்டுத் துடைத்தபின் டிஸ்க் சுற்றத் தொடங்கியது. ஆனால் தட்டில் ஏற்கெனவே படிக்க முடியாத இடங்கள் உருவாகியிருந்தன.

“சாஃப்ட்வேர் போட்டால் எல்லாம் வந்துவிடும்” என்பதுதான் அதிகம் சேதம் செய்யும் நம்பிக்கை. டிஸ்க் திணறியபோது உங்கள் பையன் `chkdsk /f` ஓட்டியிருக்கிறார், பிறகு ரிகவரி மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை, எல்லோரும் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் chkdsk ஃபைல்களைக் காப்பாற்றுவதற்கானது இல்லை, அட்டவணையை ஒழுங்குபடுத்துவதற்கானது. படிக்கத் திணறும் டிஸ்க்கிலேயே அது எழுதும். பொருந்தாததை எல்லாம் FOUND.000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் தள்ளிவிடும். உங்கள் டிராயிங்குகளில் ஒரு பகுதி அங்கேதான் கிடந்தது. ரிகவரி மென்பொருளோ கெட்ட இடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கும். அதில் ஹெட் இன்னும் தேயும்.

நான் செய்தது வேறு. ஃபைலைத் தேடுவதற்கு முன்னால் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்கில் படியெடுத்தேன்:

```
ddrescue -d -n /dev/sdb disk.img disk.map
ddrescue -d -r3 /dev/sdb disk.img disk.map
```

முதல் வரி, எளிதாகப் படிக்க வருவதை முதலில் எடுத்துக்கொண்டு கெட்ட இடங்களை ஒதுக்கி வைக்கும். இரண்டாவது, ஒதுக்கியவற்றை மட்டும் மூன்று தடவை முயலும். எது வந்தது, எது வரவில்லை என்பது disk.map ஃபைலில் பதிவாகும். அதற்குப் பிறகு தேடுதல் எல்லாம் இந்தப் படியில்தான், உங்கள் டிஸ்க்கைத் தொடவில்லை. படியெடுப்பின் கடைசிச் சுற்றில் டிக் டிக் என்ற சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தம் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அடித்துக்கொள்வது. அதற்கு எந்த மென்பொருளும் மருந்து இல்லை.

கிடைத்தது இது. போட்டோக்கள் அனேகமாக முழுசாக வந்துவிட்டன, சிலவற்றுக்குப் பெயர் போய் எண்கள் இருக்கும். டிராயிங்குகளில் அடிபட்டவற்றைத் தனிப் பட்டியலாக வைத்திருக்கிறேன். திறக்காத சில DWG ஃபைல்களுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் .bak ஃபைல் இருந்தது. ஆட்டோகேட் முந்தைய சேமிப்பை அப்படி வைத்துக்கொள்ளும். பெயரின் கடைசியை .dwg என்று மாற்றியதும் திறந்துவிட்டன, ஆனால் கடைசியாகச் செய்த திருத்தம் அதில் இருக்காது. வெட்டுவதற்கு முன் அளவைச் சரிபாருங்கள்.

டேலியில் நடப்பு வருஷம் நன்றாகத் திறக்கிறது. 2022-23 கணக்கு ஃபோல்டர் கெட்டுவிட்டது. ஆனால் அந்த ஜனவரியில் யாரோ எடுத்து வைத்த பேக்கப் ஃபைல் அதே டிஸ்க்கில் கிடைத்தது, அதை ரீஸ்டோர் செய்திருக்கிறேன். பிப்ரவரி, மார்ச் மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். விற்பனைக்கு நீங்கள் தாக்கல் செய்த GSTR-1, கொள்முதலுக்கு GSTR-2B இரண்டையும் ஜிஎஸ்டி தளத்தில் இருந்து ஆடிட்டர் இறக்கித் தருவார். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியில் இருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2022-23க்கு அது 2029 டிசம்பர் 31 வரை.

“போர்டை மாற்றினால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சின்ன ரோம் சிப்பில் இருக்கும். சிப்பை மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் இப்போதைய டிஸ்க்குகள் பெரும்பாலும் வேலை செய்யாது.

“கூகுள் டிரைவில் இருக்கிறதே” என்பதற்கும் முதலில் சொன்ன எச்சரிக்கைதான். சிங்க் ஆகும் ஃபோல்டரில் நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். வைரஸ் பூட்டிய ஃபைல் வந்தாலும் அதுவே மேலே ஏறும். அது ஒரு பிரதியாக இருக்கட்டும், ஒரே பிரதியாக வேண்டாம்.

இனி என்ன செய்யலாம்? பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்பதை நம் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எர்ணாவூர், எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளமே வீட்டுக்குள் வந்தது. கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். (நனைந்த டிஸ்க்கை அரிசியில் போடாதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், கரண்ட் கொடுக்காதீர்கள். அப்படியே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.)

உங்களுக்கு இரண்டு டிஸ்க் போதும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் டேலியில் Alt+Y அழுத்தி Backup எடுங்கள். டேலி திறந்திருக்கும்போது அதன் ஃபோல்டரைக் காப்பி செய்யாதீர்கள், பாதிதான் வரும். பிறகு டேலியை மூடிவிட்டு, தேதியிட்ட ஃபோல்டருக்கு இப்படி அனுப்புங்கள்:

```
robocopy D:\Work E:\2025-06-07 /E /R:1 /W:1
```

இணையத்தில் இதோடு /MIR சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்து ஒரே ஃபோல்டருக்கே அனுப்பினால் இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும், வேண்டாம். காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த வாரம் மற்ற டிஸ்க். மாதம் ஒரு தடவை பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து ஒரு பில்லையாவது திறந்து பாருங்கள். கூடவே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் C5 என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யத்துக்குப் பதில் வேறு எண் வந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.

பழைய டிஸ்க்கைக் கவரில் போட்டுத் திருப்பித் தருகிறேன். பட்டியலில் உள்ள டிராயிங்குகள் கட்டாயம் வேண்டுமென்றால், ஹெட் மாற்றும் சுத்த அறை உள்ள லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு அதிகம், உத்தரவாதம் கிடையாது. நீங்கள் முடிவு செய்யும்வரை அதை எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகிப் பார்க்காதீர்கள்.