விலை ஏறும், அந்த ஆறாயிரம் ஏறாது

ஊரப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசிய முதலீட்டு ஆலோசகர், ஓய்வுபெற்றவர்களிடம் மூன்று விஷயங்களை அடித்துச் சொன்னார். பணவீக்கத்தோடு இணைந்த அரசுப் பத்திரங்களை மக்களே வேண்டாமென்று தள்ளிவிட்டார்களாம். சாகும்வரை மாறாத தொகை தரும் ஆன்யுட்டிதான் பாதுகாப்பாம். வயதானால் செலவு குறைந்துவிடுமாம். மூன்றும் தவறு. படிவத்தில் கையெழுத்துப் போடக் கிளம்பியவர்களில் என் நண்பர்களும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் வாதம் பாதி உண்மை. பாதி உண்மையை வைத்து முதியவர்களின் சேமிப்பைத் திசைதிருப்புவது பெரும் தவறு. ரிசர்வ் வங்கி 2013 ஜூனில் வெளியிட்ட பத்திரம் மொத்த விலைக் குறியீட்டோடு இணைக்கப்பட்டது. நாம் மளிகைக் கடையில் கொடுப்பது மொத்த விலையல்ல. அதே ஆண்டு டிசம்பரில் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைந்த பத்து ஆண்டு சேமிப்புப் பத்திரம் வந்தது. பணவீக்கத்துக்கு மேல் ஆண்டுக்கு 1.5 சதவீதம் தருவதாக உறுதி. அரையாண்டில் விலைவாசி 3 சதவீதம் ஏறினால், ஒரு லட்சத்தில் 3,750 ரூபாய் சேரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வராது, முதிர்வின்போதுதான் வரும். மாதச் செலவுக்குப் பணம் தேடும் ஓய்வூதியருக்கு அதனால் என்ன பயன்? வங்கி வைப்புநிதிகளே அப்போது சுமார் 9 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தன. 2014 மார்ச் இறுதியோடு விற்பனையை முடித்துவிட்டார்கள். மூன்று மாதம் கடை திறந்துவிட்டு, வாங்க ஆளில்லை என்று சொல்வது நியாயமா?

இன்னொரு ஓட்டையை ஆலோசகர் தொடவே இல்லை. விலைவாசியை ஈடுகட்டத் தந்த தொகைக்கும் வருமான வரி உண்டு. பணவீக்கம் 6.5 சதவீதம் என்றால் பத்திரம் 8 சதவீதம் தரும். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிஞ்சுவது 6.4. விலையேற்றத்தைக்கூட அது ஈடுகட்டவில்லை. பிரிட்டனில் 1981 முதல் இத்தகைய அரசுப் பத்திரங்கள் இருக்கின்றன. அங்கே தனிநபருக்கு அசலில் ஏறும் பணவீக்க ஈட்டுத்தொகைக்கு வரி இல்லை. ஆக, தோற்றது பத்திரத்தின் வடிவம். அதன் தேவை இன்னும் அப்படியே இருக்கிறது. பிறகு பணவீக்கம் இறங்கியதால் வாங்கியவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் வீடு தீப்பிடிக்காத ஆண்டில் தீக்காப்பீடு வீண் என்று எவரும் சொல்வதில்லை.

இனி அவர் புகழ்ந்த ஆன்யுட்டிக்கு வருவோம். பத்து லட்சம் கட்டினால் மாதம் ஏறக்குறைய ஆறாயிரம், இறந்த பின் அசல் வாரிசுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பன்னிரண்டாம் ஆண்டில் அந்த ஆறாயிரம் இன்றைய மூவாயிரத்துக்குச் சமம். வாரிசு பெறும் பத்து லட்சமும் அதே கணக்கில் தேய்ந்திருக்கும். ஆண்டுக்கு 3 சதவீதம் உயரும் திட்டமும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது தனிவட்டிக் கணக்கு. ஐயாயிரத்தில் தொடங்கினால் இருபது ஆண்டில் எட்டாயிரம் ஆகும். அதே இருபது ஆண்டில் இன்று ஐயாயிரத்துக்கு வாங்கும் பொருள்களின் விலை பதினாறாயிரத்தைத் தாண்டிவிடும்.

செலவு குறையும் என்பதற்கு எங்கள் தளத்திலேயே பதில் இருக்கிறது. எதிரெதிர் வீடுகளில் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். விலைக் குறியீடு ஏற ஏற அவருடைய டி.ஏ. உயர்கிறது. மற்றவர் தனியார் தொழிற்சாலையில் உழைத்தவர், அவருடைய பி.எஃப். பென்ஷன் தொடங்கிய நாளில் வந்த அதே தொகைதான் இன்றும். இருவரும் வாங்குவது ஒரே மருந்துக்கடையில், கட்டுவது ஒரே பராமரிப்புக் கட்டணம். வெளியூர்ப் பயணம் குறைந்திருக்கலாம். மாத்திரை அட்டைகள் கூடியிருக்கின்றன. பொதுக் குறியீட்டில்கூட 2012 அடிப்படைத் தொடரில் மருத்துவத்தின் எடை 6 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. எனவே குறியீட்டோடு இணைந்த வருமானமும் முதியவரின் உண்மையான செலவை முழுதாக எட்டாது. ஏறவே ஏறாத வருமானத்தின் கதி என்ன?

ஆசிரியருக்கு அரசு தரும் டி.ஏ.வே விலைக் குறியீட்டோடு இணைந்த ஆன்யுட்டிதான். அதே பாதுகாப்பை எதிர்வீட்டுக்காரர் தன் சொந்தப் பணத்தில் வாங்கவாவது வழி வேண்டும்: காலாண்டுதோறும் கைக்கு வரும் வட்டியோடும், பணவீக்க ஈட்டுத்தொகைக்கு வரிவிலக்கோடும் அந்தப் பத்திரத்தை மத்திய அரசு மீண்டும் வெளியிட வேண்டும்.

அதுவரை, நண்பர்களே, மொத்தச் சேமிப்பையும் எளிதில் திரும்ப எடுக்க முடியாத ஆன்யுட்டியில் பூட்டாதீர்கள். கையெழுத்துக்கு முன் ஆலோசகரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இருபதாம் ஆண்டில் என் கைக்கு எவ்வளவு வரும், அது அன்றைக்கு எதை வாங்கும்? அந்தப் பதிலை எழுதித் தராதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.