வாரைப் பூட்டியாச்சா?

சாலைச் சந்திப்புகளில் போக்குவரத்துக் காவல்துறை வைக்கும் விழிப்புணர்வுப் பலகைகளைச் சற்று நின்று படித்தால், அவற்றில் பெரும்பாலானவை இரண்டு குரல்களில் பேசுவது தெரியும். ஒன்று அச்சுறுத்தும் குரல்: எமன், பாசக்கயிறு, மண்டை ஓடு. மற்றொன்று குற்றம் சாட்டும் குரல்: உன் அலட்சியத்துக்கு உன் பிள்ளைகள் விலை கொடுக்கலாமா என்று கேட்பது. இரண்டுமே அக்கறையில் பிறந்தவைதான். விபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடுகிறவர்களில் ஒருவர் காவலர். குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லும் கொடுமையான வேலையும் பல நேரம் அவருக்கே வந்து சேர்கிறது. தான் கண்டதை மற்றவர்களும் கண்டால் கவனமாக இருப்பார்கள் என்று அவர் எண்ணுவதில் நியாயம் இருக்கிறது.

வண்டி ஓட்டுகிறவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மளிகைக் கடைக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவருக்குச் சாவு நினைவில் இருப்பதில்லை. சித்திரை வெயில், இரண்டாவது ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்ற தொல்லை, கலையும் தலைமுடி ஆகியவைதான் அவர் கண்முன் நிற்கும் காரணங்கள். அந்த நேரத்தில் ஒரு பலகை அவரைப் பொறுப்பற்றவர் என்று சொன்னால், அது வேறு யாருக்கோ எழுதியது என்று கடந்து போய்விடுவார். இளைஞர்களிடம் இந்த விலகல் இன்னும் அதிகம்.

அச்சமூட்டுவதால் பயன் உண்டா என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு நல்ல சான்று கிடைத்தது. அங்கே நெடுஞ்சாலைகளுக்கு மேலே இருக்கும் மின்னணுப் பலகைகளில், அந்த ஆண்டு அதுவரை சாலையில் இறந்தவர்களின் எண்ணிக்கையை 2012 ஆகஸ்ட் முதல் காட்டத் தொடங்கினார்கள். மாதத்தில் ஒரு வாரம் மட்டுமே இந்த எண்ணிக்கை. மற்ற வாரங்களில் வழக்கமான செய்திகள். ஒரே பலகை, ஒரே சாலை என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வாளர்களுக்கு எளிதாயிற்று. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, மரண எண்ணிக்கை தெரிந்த வாரங்களில் பலகையைத் தாண்டிய 10 கிலோமீட்டருக்குள் விபத்துகள் குறையவில்லை, சுமார் 4.5 விழுக்காடு கூடியிருந்தன. எண்ணிக்கை பெரிதாக இருந்தபோது பாதிப்பும் பெரிதாக இருந்தது. சாலை சிக்கலான இடங்களில் நிலைமை இன்னும் மோசம். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளிமையானது: மனத்தை உலுக்கும் ஒரு செய்தி, சாலையில் இருக்க வேண்டிய கவனத்தைச் சில கணங்கள் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதை வைத்து அச்சத்துக்கு இடமே இல்லை என்று தீர்ப்பு எழுதுவதும் சரியாகாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1989 முதல் மனத்தைப் பதறவைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களை ஒளிபரப்பியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அங்கே சாலை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அந்த விளம்பரங்கள் தனித்து வரவில்லை. சாலையில் யாரையும் நிறுத்தி மது அருந்தியிருக்கிறாரா என்று ஊதச் சொல்லும் சோதனை கூடவே தீவிரமாக நடந்தது. பார்ப்பவரும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். அவர் கையில் ஸ்டியரிங் இல்லை. அச்சம் எழுந்த உடனே 'சரி, நான் என்ன செய்ய வேண்டும்' என்ற கேள்விக்குச் செய்யக்கூடிய ஒரு விடை கையில் கிடைத்தால் அது உதவுகிறது. விடை இல்லாத அச்சத்தை மனம் தள்ளிவிடுகிறது. மோதலையோ ரத்தத்தையோ காட்டாமலும் மனத்தைத் தொடலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 2010இல் வெளியிட்ட சீட் பெல்ட் விளம்பரத்தில், வரவேற்பறையில் கார் ஓட்டுவதுபோல் நடிக்கும் தந்தையை மகளும் மனைவியும் கட்டிக்கொள்கிறார்கள். அவர்களின் கைகளே பெல்ட் ஆகின்றன.

அப்படியானால் நம் ஊர்ச் சந்திப்பில் என்ன எழுதலாம்? பின்னால் உட்கார்ந்து செல்பவரின் ஹெல்மெட்டை எடுத்துக்கொள்வோம். ஹெல்மெட் அணியாததால் 2022இல் இந்தியாவில் இறந்தவர்களாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டவர்களில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்லர், உடன் சென்றவர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு, ஓட்டுபவருக்கு மட்டுமல்லாமல் உடன் செல்லும் நான்கு வயதுக்கு மேற்பட்டவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. வாரால் இறுகப் பூட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சிக்னலில் நின்று கவனித்தால் நிலைமை புரியும். ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, தாடைக்குக் கீழே வார் தொங்குகிறது. பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முழங்கையில் மாட்டியிருக்கிறது, காவலரைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது. பூட்டாத ஹெல்மெட் விழுகிற வேகத்தில் கழன்றுவிடும். தலை தரையைத் தொடும்போது அது அங்கே இருக்காது.

'ஹெல்மெட் அணியாமல் உயிரை இழக்காதீர்' என்ற வாசகம் இந்த இருவருக்கும் புதிதாக எதையும் சொல்வதில்லை. ஹெல்மெட்தான் கையில் இருக்கிறதே! இப்படி எழுதிப் பார்க்கலாம்: 'பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட்டாச்சா? இருவரும் வாரைப் பூட்டியாச்சா? சரி, போகலாம்.' இதில் மரணம் இல்லை, தண்டனை இல்லை, குற்றவாளியும் இல்லை. அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஓட்டுபவர் பின்னால் இருப்பவரையும், பின்னால் இருப்பவர் ஓட்டுபவரையும் கேட்கலாம் என்ற உரிமையையும் இது தருகிறது. கென்யாவில் மினி பஸ்களுக்குள் ஒட்டிய சிறு ஸ்டிக்கர்கள், ஓட்டுநர் கண்மூடித்தனமாக ஓட்டினால் வாய்திறந்து சொல்லும்படி பயணிகளை ஊக்குவித்தன. பெரிய அளவில் நடந்த சோதனையில், ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளுக்கான விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகள் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்தன.

எங்கே வைப்பது என்பதும் வாசகத்தின் பகுதியே. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்பவர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறார். 40 மீட்டர் தூரத்தில் எழுத்து தெரியத் தொடங்கினாலும் படிக்க நான்கு நொடிகூட இல்லை. மேலே சொன்ன மூன்று வாக்கியங்களை அதற்குள் வாசிக்கச் சொல்வது டெக்சாஸின் தவறையே திரும்பச் செய்வதாகும். எனவே இதற்கு உரிய இடம் வண்டி நிற்கும் இடம்: நிறுத்தக் கோட்டுக்கு எதிரே, பெட்ரோல் பங்க்கில் பம்பின் மேல், கோயில், மருத்துவமனை, திருமண மண்டபம் ஆகியவற்றின் வண்டி நிறுத்துமிடத்து வாசலில். பங்க் உரிமையாளரும் மண்டப நிர்வாகியும் இடம் கொடுத்தால் செலவு மிகக் குறைவு. வார் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை அங்கே ஒரு சிறு படத்தில் காட்டிவிடலாம்: வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும், ஹெல்மெட்டைப் பின்புறமிருந்து முன்னே தள்ளினால் கழன்று வரக்கூடாது.

வாசகத்தால் ஆகாதவையும் உண்டு. இரண்டாவது ஹெல்மெட் வாங்க வசதி இல்லாதவருக்கு எந்தப் பலகையும் உதவாது, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதைத் தவணையில் கொடுக்கக் கடைக்காரர் முன்வரலாம், நிறுவனங்கள் ஊழியருக்குப் போனஸோடு ஒன்று தரலாம். தொடர்ந்து மீறுபவருக்கு அபராதமும் தேவைதான். தமிழகத்தில் 2022 அக்டோபரில் 1,000 ரூபாயாக உயர்ந்த அந்தத் தொகையைக் கடுமை என்பவர்களும் உண்டு, அவசியம் என்பவர்களும் உண்டு. வசூலிக்கும் காவலரே வாரைப் பூட்டிக் காட்டி அனுப்பினால் இரு தரப்பின் மனக்குறையும் ஓரளவு தணியும்.

பலன் தருகிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரே மாதிரியான இரண்டு சந்திப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் மட்டும் பலகை வைக்கட்டும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், பலகை வைப்பதற்கு முன்னும் ஒரு மாதம் கழித்தும், இரண்டு இடங்களிலும் அதே கிழமை, அதே நேரத்தில், நூறு வண்டிகளில் பின்னால் இருப்பவர் வாரைப் பூட்டியிருக்கிறாரா என்று எண்ணட்டும். காவலர் நிற்கும்போது ஒருமுறை, நிற்காதபோது ஒருமுறை. பலகை இருக்கும் சந்திப்பில் மட்டும் எண்ணிக்கை கூடினால் வாசகத்தை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோகலாம். கூடவில்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு, அந்தச் சந்திப்பில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர்களையும் பூக்கடைக்காரர்களையும் கேட்டு வேறொன்று எழுதலாம்.