தாம்பரத்துக்கு லேட்டா வரும் கடல்காற்று!

தாம்பரம் மேற்கு, சண்முகம் சாலை. மே மாத சாயங்காலம் ஆறு மணி. "வெயில் குறைஞ்சிடுச்சுல்லக்கா?" என்று பூ கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்.

"வெயில் போயிடுச்சு தம்பி, சூடு எங்க போச்சு? எங்களுது ஷீட்டு போட்ட வீடு. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் வாசல்லதான் உட்கார்ந்திருப்போம்" என்றார்.

அவர் சொன்னது வெப்ப அலையின் பாதிக் கதை. மீதிக் கதை நம் தலைக்கு மேலே நடக்கிறது.

வானத்தில் ஓர் உயர் அழுத்தப் பகுதி நகராமல் அப்படியே நின்றுவிட்டால், மேலே இருக்கும் காற்று மெதுவாகக் கீழே இறங்கும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப் சூடாகிறதே, அதேபோல இறங்கும் காற்றும் அழுத்தப்பட்டுச் சூடாகும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி ஏறும். மேகமும் உருவாகாது. வெயில் நேராகத் தரையில் விழும். நேற்றைய சூடு தணிவதற்குள் இன்றைய சூடு சேரும்.

சென்னையைக் காப்பாற்றுவது மதியக் கடல்காற்றுதான். மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று பலமாக வீசும் நாளில் அது உள்ளே வரத் திணறும். கடற்கரையை ஒட்டிய பகுதிக்கு முதலில் வரும்; உள்ளே தள்ளியிருக்கும் தாம்பரம், வண்டலூருக்குத் தாமதமாகத்தான் வரும். சில நாள் வராமலே போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது இன்றும் பேசப்படும் உச்சம்.

எப்போது வெப்ப அலை? கடலோரப் பகுதியில் வெப்பம் 37 டிகிரியைத் தாண்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது வானிலை ஆய்வு மையம். வழக்கம் 37 என்றால், 41.5 தொட்டால்தான் வெப்ப அலை. ஆனால் இது பகல் கணக்கு. அக்காவின் இரவு இதில் வராது.

ஷீட் கூரை பகலில் உள்ளே அனுப்பிய சூடு சுவரிலும் தரையிலும் தங்கும். ஒட்டி ஒட்டி வீடுகள் இருந்தால் காற்றோட்டமும் இருக்காது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். பகலில் உழைத்த உடம்புக்கு இரவிலும் ஓய்வு இல்லை என்றால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், கட்டடத் தொழிலாளர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் பாதிக்கப்படுவார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

தலைசுற்றல், வாந்தி வந்தால் நிழலில் உட்கார வைத்து உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால், மரணத்துக்குக் காரணம் வெப்பம்தான் என்று பதிவாக வேண்டும். மாரடைப்பு என்று மட்டும் எழுதப்பட்டால், ஷீட் வீட்டு இரவு எந்தக் கணக்கிலும் வராது.