வார்டனுக்கு ஒரு கடிதம்



வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் மகனை ஒன்பதாம் வகுப்பில் விடுதியில் சேர்க்கவிருக்கும் வாசகி ஒருவர், வார்டனுக்கு எழுதிய கடிதத்தை அனுப்பி, "இது போதுமா?" என்று கேட்டிருந்தார். 'தினமும் இரண்டு வேளை மாத்திரை. கவனித்துக்கொள்ளவும்' என்று இரண்டே வரிகள். போதாது, அம்மா. உங்கள் இடத்தில் வார்டன் நிற்கப்போகிறார். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரிய வேண்டும்.

முதலில் நேரம். உங்கள் மகனுக்கு எழுதிக்கொடுத்திருப்பது சோடியம் வால்ப்ரோயேட் 300 மி.கி., மெதுவாகக் கரையும் வகை. காலை 7.30, இரவு 7.30 என்று மெஸ் சாப்பாட்டோடு சேர்த்து எழுதுங்கள். உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும் என்பதையும் சேருங்கள். ஒரு வேளை விட்டுப்போய்ச் சீக்கிரமே நினைவு வந்தால் உடனே கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால், இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு போன் செய்தால் போதும். அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வருவதற்கு முக்கியக் காரணமே மாத்திரை விட்டுப்போவதுதான். அடுத்தது தூக்கம் கெடுவது. பரீட்சை நேரத்திலும் இரவு கண்விழித்துப் படிக்க விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, வைக்கும் இடம். பலர் ஒரு வாரத்து மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வால்ப்ரோயேட் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும். அட்டையிலேயே இருக்கட்டும்; சாப்பிடும்போது பிரித்தால் போதும். குளியலறைப் பக்கமோ வெயில் படும் ஜன்னலிலோ வேண்டாம், வார்டன் அறை அலமாரியே நல்லது. ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே சொல்லியனுப்பச் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் எழுதுங்கள்: கடிகாரத்தைப் பார்க்கவும். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ, கையில் இரும்புச் சாவியோ கூடாது. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழைக்கவும். நின்றபின் அசந்து தூங்குவது வழக்கம். ஆனாலும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. பேச்சின் நடுவே சில நொடி வெறித்துப் பார்த்தால், அதுவும் வலிப்பாக இருக்கலாம், தேதியோடு குறித்துவைக்கட்டும். ஓயாத வாந்தி, வழக்கத்துக்கு மீறிய மயக்கம், கண்ணில் மஞ்சள், அடிபடாமலே உடம்பில் கன்றல் இவற்றில் எது தெரிந்தாலும் மருந்தின் விளைவாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கடிதத்தை மருத்துவரிடம் காட்டித் திருத்தி, அவர் கையெழுத்தோடு கொடுங்கள். மருந்தின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் தேதியிட்டுப் புதுக் கடிதம் கொடுத்து, பழையதைக் கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்