எழுபத்து நான்கும் அறுபத்தெட்டும்

மதிப்பெண் அட்டை வீட்டிற்கு வந்ததும் பெற்றோரின் கண் குறைந்த எண்ணையே முதலில் தேடுகிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அறிவியலில் 74, கணக்கில் 68 பெற்றாள் என்க. “கணக்கில் ஏன் குறைந்தது?” என்பதே அன்று அவள் எதிர்கொள்ளும் முதல் வினா. அவ்வினா நியாயமானது அன்று.

இரு தேர்வுகளிலும் வகுப்பின் சராசரி 60. அறிவியலில் அவள் 14 மதிப்பெண் முந்தினாள். கணக்கில் 8 மட்டுமே. இவ்வளவில் நின்றால் பெற்றோர் கூற்றே சரி எனத் தோன்றும். ஆயின், மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதையும் நோக்க வேண்டும். அச்சிதறலை அளப்பது திட்டவிலக்கம். அறிவியலில் அது 14, கணக்கில் 4. அறிவியலில் எழுபதைத் தாண்டியோர் பலர். கணக்கிலோ பெரும்பாலோர் 56-க்கும் 64-க்கும் இடையே நெருங்கி நிற்க, அவள் அந்நெருக்கத்தை விட்டு வெளியே நிற்கிறாள்.

பெற்ற மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, எஞ்சியதைத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் வருவது இசட் மதிப்பு. அறிவியலில் 14 ÷ 14 = 1. கணக்கில் 8 ÷ 4 = 2. வகுப்பினரோடு ஒப்பிட, அவள் சிறந்தது கணக்கில்தான். சராசரியும் திட்டவிலக்கமும் அச்சிடாத மதிப்பெண் அட்டை பாதி உண்மையையே சொல்கிறது.

இக்கணக்கும் பிழைபடலாம். கணக்குத் தேர்வை எழுதியோர் 39 பேர். வராத ஒருவனுக்குச் சுழியம் இட்டு, 40 பேராகக் கொண்டால் என்ன ஆகும்? சராசரி 58.5 ஆகக் குறையும். திட்டவிலக்கமோ 4-லிருந்து ஏறத்தாழ 10.2 ஆகப் பெருகும். மாணவி இப்போது 9.5 மதிப்பெண் முந்தியும், அவளது இசட் மதிப்பு 2-லிருந்து 0.93 ஆகச் சரியும். அவள் செய்த தவறு எதுவுமில்லை! நெருங்கி நிற்கும் மதிப்பெண்களுக்குத் திட்டவிலக்கம் பெரிதாக வந்தால், பட்டியலின் கடைசி எண்ணைப் பார்த்தல் வேண்டும். வராதவர் பெயரை நீக்கிவிட்டுக் கணக்கிடுவதே முறை.

இனி, விருப்பப் பாடமான தமிழ். அதை எடுத்தோர் எண்மரே; எல்லார் வீட்டிலும் தமிழ் ஒலிக்கிறது. சராசரி 85, திட்டவிலக்கம் 5. அதே மாணவி பெற்றது 80. இசட் மதிப்பு −1. கணக்கில் 2, தமிழில் −1 என்பதால் அவளுக்குத் தமிழ் வரவில்லை என்று முடிவு கட்டுவோர் உளர். கணக்கில் அவளோடு நின்றோர் முழு வகுப்பினர். தமிழில் நின்றோர் அம்மொழியைத் தேர்ந்து வந்த எண்மர். இரு கூட்டமும் ஒன்றல்ல. அவ்வெண்மருள் அவள் நிற்கும் இடத்தைத்தான் −1 காட்டுகிறது. வினாத்தாளில் ஐந்தில் நான்கு பங்கிற்கு அவள் சரியாக விடை எழுதினாள் என்பதைக் காட்டுவது 80 என்னும் அந்தப் பழைய எண்ணே.